விரலிடுக்கில் ஊறி வெடித்து நாறும் சேற்றுப்புண்: நாள் முழுக்க ஷூ போடுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சுண்டுவிரலுக்கும் அதன் பக்கத்து விரலுக்கும் நடுவே தோல் வெள்ளையாக ஊறிப்போய், நகத்தால் தொட்டாலே உரிந்து வருகிறது. அடியில் சிவந்த வெடிப்பு. ஷூவைக் கழற்றியதும் அரிப்பு, கூடவே ஒரு கெட்ட வாடை. மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கிப் போட்டால் சில நாளில் அடங்குகிறது, மறு மாதமே திரும்பி வருகிறது. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் இவர்கள் போட்ட மருந்தில் தவறு இருப்பதில்லை. ஈரமான தோலில் மருந்தைப் போடுகிறார்கள், அரிப்பு நின்ற அன்றே நிறுத்துகிறார்கள், அதே ஈரமான ஷூவுக்குள் காலைத் திரும்ப நுழைக்கிறார்கள். இந்த மூன்றையும் சரிசெய்வதுதான் வைத்தியத்தின் பெரும்பகுதி.

அந்த இடுக்கில் என்ன நடக்கிறது

தொடங்கி வைப்பது ஒரு பூஞ்சை. படர்தாமரையை உண்டாக்கும் அதே குடும்பம். ட்ரைக்கோபைட்டான் ரூப்ரம், ட்ரைக்கோபைட்டான் இன்டர்டிஜிட்டேல் என்ற இரண்டும்தான் காலில் அதிகம் காணப்படுபவை. இவை தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கின்றன. உலர்ந்த தோலில் இவற்றால் வேகமாகப் பரவ முடியாது. வெப்பமும் ஈரமும் வேண்டும், மூடிய ஷூ இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறது. கடைசி இரண்டு விரல்களும் மற்றவற்றைவிட நெருக்கமாக ஒட்டியிருப்பதால் அங்கே காற்று போவதில்லை, வியர்வை காய்வதில்லை. அதனால்தான் தொல்லை பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

பூஞ்சை மட்டும் இருக்கும் கட்டத்தில் தோல் உலர்ந்து செதில் செதிலாக உரியும், அரிக்கும். வாடை பெரிதாக இருக்காது. தோல் ஊறத் தொடங்கியதும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. கசிவு, எரிச்சல், நாற்றம் எல்லாம் பெரும்பாலும் இவற்றின் வேலை. ஊறல் பச்சை கலந்த நிறத்தில் தெரிந்தால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா புகுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆக, உலர்ந்து உரியும் சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சைக் களிம்பு மட்டும் போதும். ஊறி நாறும் சேற்றுப்புண்ணுக்கு முதலில் உலர்த்த வேண்டும், பிறகுதான் களிம்பு. உங்களுடையது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இது சேற்றுப்புண்தானா என்று பார்த்தல்

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு கால்களிலும் எல்லா இடுக்குகளையும் விரித்துப் பாருங்கள். ஒரே ஒரு இடுக்கில், எலும்பு எலும்போடு உரசும் இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்து, அழுத்தினால் குத்துவதுபோல் வலித்தால், அது ஈரத்தில் மெத்தென்று ஆகிவிட்ட கால் ஆணியாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சைக் களிம்பு பயன்படாது, முன்பக்கம் அகலமான ஷூதான் தீர்வு. அரிப்பு அதிகமில்லாமல் இடுக்கு பழுப்பு நிறத்தில் மெல்லிய செதிலோடு இருந்தால் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். மருத்துவர் தனி விளக்கொளியில் பார்த்தால் அது பவளச் சிவப்பாக ஒளிரும். அதற்கு வேறு மருந்து. இடுக்குகள் நன்றாக இருக்க, விரல்களின் மேற்புறம் மட்டும் அரித்துச் சிவந்தால் ஷூவின் ரப்பர், பசை அல்லது பதனிட்ட தோலால் வரும் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும்.

நகங்களையும் பாருங்கள். தடித்து, மஞ்சளாகி, நுனி பொடிப்பொடியாக உதிர்ந்தால் பூஞ்சை நகத்துக்குள் போயிருக்கலாம். உள்ளங்காலில் மாவு பூசியதுபோல் செதில் படிந்திருக்கிறதா, தொடையிடுக்கிலோ கையிலோ அரிக்கும் வளையம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இவற்றில் ஒன்றை விட்டுவைத்தால் விரலிடுக்கு ஆறினாலும் அங்கிருந்து திரும்ப வரும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் உணர்ச்சியோ இரத்த ஓட்டமோ குறைந்தவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், ஏற்கெனவே கால் வீங்கியிருப்பவர்கள் இந்த இடத்தோடு வீட்டு வைத்தியத்தை நிறுத்திக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அவர்களுக்கு இந்தச் சிறு வெடிப்பு காலுக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

இரண்டாம் படி: உலர்த்துதல்

இதைத்தான் எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். குளித்துவிட்டுக் கால் முழுவதையும் ஒரு துடை துடைத்தால் இடுக்கு காயாது. ஒவ்வொரு விரலையும் பிரித்து, துண்டின் உலர்ந்த முனையையோ மென்தாளையோ உள்ளே வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, ஊறிய தோல் தேய்த்தால் கிழியும். ஒற்றிய பிறகும் பத்து நிமிடம் விரல்களை விரித்துக் காற்றில் விடுங்கள். மின்விசிறிக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தால் போதும். தலைமுடி உலர்த்தி பயன்படுத்தினால் சூடில்லாத காற்றில் மட்டும் வையுங்கள். பாதத்துக்குத் தனித் துண்டு வையுங்கள், அதே துண்டால் உடம்பைத் துடைக்க வேண்டாம்.

வெள்ளையாகத் தொங்கும் தோலை நகத்தாலோ கத்தரியாலோ பிய்க்காதீர்கள். அடியில் உள்ள பச்சைத் தோல் திறந்துகொள்ளும், பாக்டீரியாவுக்கு அதுவே வாசல். உலர்ந்தால் அது தானாக உதிரும்.

கசிவும் வாடையும் அதிகமாக இருந்து, இரத்தம் கசியும் திறந்த வெடிப்பு இல்லாவிட்டால், நீர்த்த வினிகரில் காலை வைக்கலாம். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, வெதுவெதுப்பான நீர் நான்கு பங்கு. ஒரு நாளைக்கு ஒருமுறை பத்து நிமிடம், இரண்டு மூன்று நாள் வரை. காந்தினால் உடனே எடுத்துவிடுங்கள். முடிந்ததும் நல்ல நீரில் கழுவி, மேலே சொன்னபடி ஒற்றி உலர்த்துங்கள். ஊறல் குறைந்ததும் இதை நிறுத்திவிட வேண்டும். நாளெல்லாம் ஊறும் தோலை மேலும் ஊறவைப்பது நோக்கமல்ல. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை மருத்துவர் சொன்னால் மட்டும், அவர் சொன்ன அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். படிகம் முழுதாகக் கரையாமல் தோலில் பட்டால் பொசுக்கிவிடும்.

இரவில் விரல்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உலர்ந்த காஸ் துணியை ஒரு விரல் அகலத்துக்கு மடித்து இடுக்கில் செருகுங்கள். விரலைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டாம். துணி நனைந்தால் மாற்றுங்கள். இப்படி இரண்டு இரவு செய்தாலே வெள்ளை ஊறல் சுருங்கத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: களிம்பு

மருந்துச் சீட்டு இல்லாமல் பொதுவாகக் கிடைப்பவற்றில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று டெர்பினாஃபின் 1% க்ரீம். இது பூஞ்சையைக் கொல்லக்கூடியது, தோலின் மேலடுக்கில் தங்கி, பூசுவதை நிறுத்திய பின்னும் சில நாள் வேலை செய்யும். அதனால் விரலிடுக்குக்கு ஒரு வாரப் பூச்சு போதும் என்று குறிப்பிட்டிருப்பார்கள், நாளுக்கு ஒருமுறையா இருமுறையா என்பது உறையில் இருக்கும். மற்றொன்று க்ளோட்ரிமசோல் 1% அல்லது மைக்கோனசோல் 2%. இவை பெரும்பாலும் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துபவை. நாளுக்கு இருமுறை, நான்கு வாரம் வரை பூச வேண்டியிருக்கும். தோல் பார்க்க நன்றாகிவிட்ட பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும்.

மருந்து வெல்வதும் தோற்பதும் இந்தக் கால அளவில்தான் இருக்கிறது. அரிப்பு சில நாளிலேயே அடங்கிவிடும், பூஞ்சை அடங்கியிருக்காது. க்ளோட்ரிமசோலை ஐந்தாம் நாள் நிறுத்தியவருக்கு அது திரும்பி வருவதில் வியப்பே இல்லை. நான்கு வாரம் விடாமல் பூசும் பொறுமை தனக்கு இல்லை என்று தெரிந்தவர்கள் டெர்பினாஃபினைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எதையும் கேட்டுவிட்டே பூச வேண்டும்.

அளவு ஒரு இடுக்குக்குப் பட்டாணியில் பாதி போதும். வெள்ளையாகப் படியும்படி அப்பினால் அந்தக் க்ரீமே தோலை ஊறவைக்கும். புண் தெரியும் இடத்தோடு நிறுத்தாமல் இரண்டு சென்டிமீட்டர் வெளியே வரை, கண்ணுக்குத் தெரியாமல் மறையும்படி தேயுங்கள். ஒரு இடுக்கில்தான் புண் என்றாலும் இரண்டு காலின் எல்லா இடுக்குகளுக்கும் பூசுங்கள். பக்கத்து இடுக்கில் அறிகுறி காட்டாமல் பூஞ்சை இருப்பது சகஜம். பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாக்ஸ் போடும் முன் ஐந்து பத்து நிமிடம் விட்டால் க்ரீம் உள்ளிறங்கிவிடும். பிசுபிசுவென்ற எண்ணெய்க் களிம்பு வகையை இடுக்குக்கு வாங்க வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்த டியூபுகள் பல கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கப்படுகின்றன. உறையில் க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. போட்ட மறுநாளே அரிப்பு நிற்பதால் நல்ல மருந்து என்று தோன்றும். உண்மையில் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. சிவப்பும் அரிப்பும் மறைய, பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாக வெடிக்கிறது. தொடர்ந்து போட்டால் இடுக்குத் தோல் மெலிந்து எளிதில் கிழியும். மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்காத வரை இதைத் தொடாதீர்கள்.

நான்காம் படி: ஷூ, சாக்ஸ், பவுடர்

ஒரே ஜோடி ஷூவைத் தினமும் போடுபவருக்கு எந்தக் களிம்பும் நிலைத்துப் பலன் தராது. ஒரு நாள் வியர்வையை உறிஞ்சிய ஷூ ஓர் இரவில் முழுதாகக் காய்வதில்லை, முக்கியமாக முன்பக்க விரல் பகுதி. குறைந்தது இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். கழற்றியதும் நாடாவைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, இன்சோலை உருவித் தனியே வையுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை உறிஞ்சும், ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டு உலர்ந்த தாளை வையுங்கள். மூடிய அலமாரிக்குள் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். உருவ முடியாத இன்சோல் உள்ள ஷூவை இந்தத் தொல்லை உள்ளவர்கள் வாங்காமல் இருப்பதே மேல். முன்பக்கம் விரல்களை நெருக்காத அகலமும் அவசியம். ஷூவுக்குள் விரல்களை அசைக்க முடிகிறதா என்று நின்றபடி பார்த்து வாங்குங்கள்.

சாக்ஸ் விஷயத்தில் பருத்திதான் நல்லது என்று பலர் நம்புகிறோம். பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் விடாது, நனைந்தபடியே தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நீண்ட நேரம் ஷூ போடுபவர்களுக்கு ஈரத்தை வெளியே கடத்தும் விளையாட்டுச் சாக்ஸோ மெல்லிய மெரினோ கம்பளிச் சாக்ஸோ மேல். விரல் விரலாகப் பிரிந்த சாக்ஸ் இடுக்குகளை விலக்கி வைக்கும். எதுவானாலும் நடுவே ஒருமுறை மாற்றுவதுதான் முக்கியம். பையில் ஒரு உலர்ந்த ஜோடி இருக்கட்டும்.

சாக்ஸைத் துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள், உதிர்ந்த தோல் செதில் அங்கேதான் இருக்கிறது. 30 அல்லது 40 டிகிரி நீரில் பூஞ்சை பிழைத்துக்கொள்ளக்கூடும், 60 டிகிரியில் துவைத்தால் அழியும். அவ்வளவு சூடு தாங்காத சாக்ஸ் என்றால் மற்ற துணிகளோடு கலக்காமல் துவைத்து நல்ல வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள்.

பவுடர் தடுப்புக்கு நல்லது, வைத்தியத்துக்கு அல்ல. ஈர இடுக்கில் கொட்டினால் களியாகி உருண்டு, வெடிப்பை அறுக்கும். நன்றாக உலர்ந்த இடுக்கில் மெல்லியதாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். மைக்கோனசோல் அல்லது டோல்நாஃப்டேட் கலந்த பவுடராக இருந்தால் சாக்ஸுக்குள்ளும் ஷூவுக்குள்ளும் தூவலாம்.

இன்னொன்று: உள்ளாடைக்கு முன்பே சாக்ஸைப் போட்டுவிடுங்கள். வெறுங்காலோடு உள்ளாடைக்குள் காலை நுழைக்கும்போதுதான் பூஞ்சை தொடையிடுக்குக்கு ஏறுகிறது.

ஒரு நாள் முறையை மாற்றிப் பார்த்தால்

பன்னிரண்டு மணி நேரம் கனமான பூட்ஸோடு நிற்கும் ஒரு காவலாளி என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஜோடி பூட்ஸ். காலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டு அவசரமாகத் துடைத்து, ஐந்தே நிமிடத்தில் சாக்ஸும் பூட்ஸும் மாட்டுகிறார். மாலை ஆறரைக்குத்தான் கழற்றுகிறார். இரண்டு காலிலும் கடைசி இடுக்கு வெள்ளையாக ஊறி நாறுகிறது. சர்க்கரை நோய் இல்லை, காய்ச்சல் இல்லை, பாதத்தில் சிவப்பு பரவவில்லை.

இவர் முதலில் மாற்ற வேண்டியது குளிக்கும் நேரம். முழுக் குளியலை மாலைக்கு மாற்றினால் காலையில் உலர்ந்த காலோடு கிளம்பலாம். மாலை வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றி இன்சோலை உருவிக் காயவைத்துவிட்டு, கால் கழுவி, முதல் மூன்று நாள் வினிகர் நீரில் பத்து நிமிடம் வைத்து, கழுவி ஒற்றி உலர்த்துகிறார். தூங்கும்வரை திறந்த செருப்பு. படுக்கும் முன் டெர்பினாஃபின் மெல்லிய பூச்சு, அது உள்ளிறங்கியதும் இடுக்கில் காஸ் துணி. காலையில் துணியை எடுத்துவிட்டு, உறையில் இருமுறை என்று இருந்தால் இன்னொரு மெல்லிய பூச்சு, பத்து நிமிடம் கழித்துச் சாக்ஸ். மதிய உணவு வேளையில் பூட்ஸைக் கழற்றி, விரலிடுக்கை மென்தாளால் ஒற்றி, சாக்ஸை மாற்றி, ஐந்து நிமிடம் காற்றாட விடுகிறார். அடுத்த ஜோடி பூட்ஸ் வாங்கும்வரை இரண்டு ஜோடி இன்சோலாவது மாற்றிக்கொள்கிறார்.

நான்காம் நாளுக்குள் வாடை பெருமளவு குறைய வேண்டும், ஊறல் சுருங்க வேண்டும். ஒரு வார முடிவில் வெடிப்பு மூடத் தொடங்கியிருக்கும். வெள்ளைத் தோல் உலர்ந்து உரிவது ஆறுவதன் அடையாளம், புண் பரவுவதாக எண்ண வேண்டாம். க்ரீம் ஒரு வாரத்தோடு முடிந்தாலும் தோல் முழுதாகப் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை உலர்த்தும் வேலை அப்படியே தொடர வேண்டும். ஆறிய பிறகும் கால் அதிகம் வியர்த்தால் அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வை அடக்கியை இரவில் நன்கு உலர்ந்த பாதத்தில் பூசி, காலையில் கழுவலாம். வெடிப்பு இருக்கும்போது பூசினால் தாங்க முடியாமல் எரியும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

வெடிப்பைச் சுற்றிய சிவப்பு பாதத்தின் மேலோ கணுக்காலை நோக்கியோ பரவுகிறது, பாதம் சூடாக வீங்குகிறது, சீழ் வருகிறது, காலில் சிவந்த கோடு ஏறுகிறது, தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் அன்றைக்கே போங்கள். இது செல்லுலைட்டிஸ், தோலுக்கடியில் இறங்கிய பாக்டீரியாத் தொற்று. ஆன்டிபயாடிக் இல்லாமல் அடங்காது. காலில் வரும் செல்லுலைட்டிஸ் பல நேரம் விரலிடுக்கு வெடிப்பு வழியாகத்தான் நுழைகிறது. ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்ப வருவதைத் தடுக்க, இடுக்கை உலர்வாக வைத்திருப்பதே முக்கியமான காவல்.

அவசரமில்லாத காரணங்களும் உண்டு. மேலே சொன்னபடி ஒழுங்காகச் செய்தும் இரண்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லை என்றால், வேறு களிம்பு வாங்கிப் பரிசோதிக்காமல் தோல் மருத்துவரிடம் போய்ச் செதிலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், பூஞ்சை இழை இருந்தால் அங்கேயே தெரியும். ஏற்கெனவே பூசிய எல்லா டியூபுகளையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள், முக்கியமாக ஸ்டீராய்டு கலந்தது இருந்தால். உள்ளங்கால் முழுக்கச் செதிலாக இருந்தாலோ நகம் தடித்திருந்தாலோ க்ரீம் மட்டும் போதாமல் பல வாரம் மாத்திரை தேவைப்படலாம். அதற்கு முன் கல்லீரல் பற்றியும் நீங்கள் எடுக்கும் மற்ற மருந்துகள் பற்றியும் அவர் கேட்பார்.

வீட்டில் வேறு யாருக்காவது காலில் அரிப்போ உரிதலோ இருந்தால் அவரையும் அதே நேரத்தில் கவனிக்கச் சொல்லுங்கள். குளியலறைக் கால்மிதியைத் தினம் காயவைத்து அடிக்கடி துவையுங்கள். நகவெட்டி, துண்டு, ஷூ மூன்றையும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்க வேண்டாம். பலர் குளிக்கும் இடத்திலும் நீச்சல் குளத்தைச் சுற்றியும் செருப்போடு நடங்கள். ஆறி இரண்டு மாதம் வரையாவது வாரம் ஒருமுறை கடைசி இடுக்கை விரித்துப் பாருங்கள். லேசாகச் செதில் தெரிந்தால் அரிக்கும்வரை காத்திராமல் அன்றே பூச்சைத் தொடங்கினால், ஊறி வெடிக்கும் கட்டத்துக்கு அது போகாது.